'கண்டிப்பா வந்துடும்' என்று சொல்லக் கூடாத வேலை

ஏடிஎம் இயந்திரத்துக்குள் நோட்டு எண்ணும் சத்தம் கேட்கிறது. பிறகு நின்றுவிடுகிறது. பணம் வரவில்லை. கைப்பேசியில் எஸ்எம்எஸ் மட்டும் வருகிறது: உங்கள் கணக்கிலிருந்து 10,000 ரூபாய் எடுக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி. வங்கிக் கிளை பூட்டியாயிற்று. நாளைக் காலை மருத்துவமனையில் கட்ட வேண்டிய பணம் அது. அந்தப் பெண் வங்கியின் ஆப்பைத் திறக்கிறார். கீழே ஓரத்தில் சின்ன வட்டம், அதற்குள் சிரித்த முகம்: 'வணக்கம்! நான் எப்படி உதவட்டும்?'

அவர் தட்டச்சு செய்கிறார்: "ஏடிஎம்ல பணம் வரல. ஆனா அக்கவுண்ட்ல கழிஞ்சிடுச்சு. திரும்ப வருமா?"

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் வங்கி சாட்பாட்டுக்குப் பதில் எழுதுகிறவர்கள் தினமும் முட்டிக்கொள்வது அந்தக் கடைசி இரண்டு சொற்களில்தான். 'திரும்ப வருமா?' பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டால் யோசிக்காமல் சொல்வார்: "கவலைப்படாதீங்கம்மா, கண்டிப்பா வந்துடும்." கேட்பவர் மனம் லேசாகும். வராமல் போனாலும் பக்கத்து வீட்டுக்காரர் மீது யாரும் வழக்குப் போடப் போவதில்லை. வங்கி அதே வாக்கியத்தைச் சொன்னால் கதை வேறு.

காரணம் எளிது. அந்த நிமிடத்தில் வங்கிக்கே விடை தெரியாது. கணக்கில் பணம் கழிந்தது தெரியும். நோட்டு வெளியே வந்ததா, உள்ளேயே சிக்கியதா என்பது அந்த இயந்திரத்தின் பதிவில் இருக்கிறது. இயந்திரம் வேறு வங்கியுடையது என்றால் அந்தப் பதிவும் அங்கேதான் இருக்கும். பிறகு இயந்திரத்தில் மிச்சமிருக்கும் பணத்தை எண்ணிக் கணக்கோடு ஒப்பிடுவார்கள். 10,000 ரூபாய் கூடுதலாக இருந்தால் பிரச்சினை இல்லை. கணக்கு நேராக இருந்து, 'நோட்டு வழங்கப்பட்டது' என்று பதிவும் சொன்னால், புகார் தள்ளுபடி ஆகலாம். அவர் பொறுமை இழந்து நகர்ந்த பிறகு நோட்டு வெளியே வந்து, அடுத்து நின்றவர் எடுத்துப் போயிருந்தால்கூட இப்படி ஆகும்.

ஆக 'வரும்' என்று சொல்ல வழியில்லை. அதற்காக 'தெரியாது' என்று கையை விரிக்கவும் கூடாது. ஏனென்றால் இந்த விஷயத்தில் உறுதியாகத் தெரிந்த ஒன்று இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஒரு சுற்றறிக்கை விட்டது. கணக்கில் கழிந்து ஏடிஎம்மில் பணம் வராமல் போனால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் வங்கி அதைத் தானாகவே திருப்பி வரவு வைக்க வேண்டும். இந்த ஐந்து நாள் வேலை நாள் கணக்கல்ல, காலண்டர் கணக்கு. தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அதையும் வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திராமல் வங்கியே கணக்கில் சேர்க்க வேண்டும். நம் பெண்ணின் வெள்ளிக்கிழமை மார்ச் 6 என்று வைத்துக்கொண்டால், கெடு மார்ச் 11, புதன். பணம் 14ஆம் தேதிதான் வந்தது என்றால் கூடவே 300 ரூபாயும் வந்திருக்க வேண்டும்.

நடந்தது என்ன என்பது வங்கிக்குத் தெரியாது. நடந்தது இன்னதென்றால் தன் கடமை என்ன என்பது தெரியும். சாட்பாட்டின் குரலை வடிவமைப்பவர் நிற்க வேண்டிய இடம் இந்த இரண்டுக்கும் நடுவில்.

தமிழில் எழுதும்போது இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் மொழியில் ஆறுதலும் உறுதிமொழியும் ஒரே விகுதியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 'பணம் வரும்' என்பது ஒரு தகவல். 'பணம் வந்துவிடும்' என்றால் அதில் 'நான் சொல்கிறேன், நம்பு' என்ற தோள்தட்டல் சேர்ந்துகொள்கிறது. அந்த 'விடு' என்ற துணைவினை ஒரு செயலை முடித்து முத்திரை குத்துகிறது. அதனால்தான் ஆறுதல் சொல்கிற எல்லோர் வாயிலும் அது தானாக வருகிறது: சரியாகிவிடும், கிடைத்துவிடும், முடிந்துவிடும். கனிவாக எழுதச் சொன்னால் எழுதுகிறவர் கை முதலில் போவது அங்கேதான். வங்கி கொடுக்கக் கூடாத வாக்குறுதி இருப்பதும் அங்கேதான்.

மறுமுனையில் 'வரலாம்' இருக்கிறது. சட்டப் பிரிவுக்கு மிகவும் பிடித்த விகுதி. ஆனால் 'பார்க்கலாம்' என்று ஒரு அதிகாரி சொன்னால் அதற்கு என்ன பொருள் என்பது அலுவலக வாசல்களில் நின்ற எவருக்கும் தெரியும். 'பணம் திரும்ப வரலாம்' என்ற வரி கைகழுவலாகவே ஒலிக்கும். போதாக்குறைக்கு அது உண்மையையும் குறைத்துச் சொல்கிறது. நோட்டு வெளியே வரவில்லை என்பது உறுதியானால் பணத்தைத் திருப்பித் தருவது வங்கியின் விருப்பமல்ல, கட்டாயம். அதை 'லாம்' போட்டு எழுதினால் வாடிக்கையாளரின் உரிமையைச் சலுகை போலக் காட்டுவதாகும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது: 'வேண்டும்'. 'புதன்கிழமைக்குள் வங்கி வரவு வைக்க வேண்டும்.' இது என்ன நடக்கும் என்று ஆரூடம் சொல்லவில்லை. யாருக்கு என்ன கடமை, எந்தத் தேதிக்குள் என்று சொல்கிறது. வாடிக்கையாளர் கையில் பிடித்துக்கொள்ள ஒரு தேதி கிடைக்கிறது. அந்தத் தேதி கடந்தால் எதைக் கேட்பது என்பதும் தெரிகிறது.

இனி அந்தப் பெண்ணுக்குப் போகக்கூடிய மூன்று பதில்களைப் பார்க்கலாம். முதலாவது, பல இடங்களில் இன்றும் பார்க்கக் கிடைக்கும் ரகம்:

'தங்களது கோரிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும். மேலதிக விவரங்களுக்குக் கிளையை அணுகவும்.'

இதில் கனிவு இல்லை என்பது பார்த்தவுடன் தெரியும். கவனிக்க வேண்டியது, இந்த விறைத்த பதிலுக்குள்ளும் ஒரு வாக்குறுதி ஒளிந்திருப்பது. 'கோரிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று எழுதியவர் நினைத்தது 'வந்து சேர்ந்தது' என்பதை. படிக்கிறவருக்கோ 'உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார்கள்' என்று தோன்றும். 'புகார் பதிவாகியிருக்கிறது' என்றால் அந்தக் குழப்பம் வராது.

இரண்டாவது, கனிவு கூட்டச் சொன்ன பிறகு எழுதப்படுவது:

'அச்சச்சோ! உங்கள் வேதனை எங்களுக்கு நன்றாகப் புரிகிறது. எங்கள் தவறுக்கு மன்னிக்கவும். கவலையே வேண்டாம், உங்கள் பணம் 5 நாளில் பத்திரமாக வந்துவிடும்!'

இதில் ஒரு வரிகூடத் தேறாது. தவறு யாருடையது என்று இன்னும் தெரியாதபோது 'எங்கள் தவறு' என்பது ஒப்புதல் வாக்குமூலம். 'கவலை வேண்டாம்' என்பது அன்பான சொல் போலத் தெரிந்தாலும், முடிவு நல்லதாகவே இருக்கும் என்று சொல்லாமல் சொல்கிறது. இயந்திரத்தின் வாயில் 'அச்சச்சோ' வருவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பணம் போன பதற்றத்தில் இருப்பவருக்கு அது கேலி போலவும் படலாம்.

மூன்றாவது:

'பேருந்து நிலைய ஏடிஎம், இன்று இரவு 7.52, 10,000 ரூபாய். கணக்கில் கழிந்திருப்பது எனக்கும் தெரிகிறது. பணம் கைக்கு வராமல் எஸ்எம்எஸ் மட்டும் வந்தால் யாருக்கும் பதற்றமாகத்தான் இருக்கும்.

உங்கள் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். புகார் எண் கீழே இருக்கிறது.

நோட்டு வெளியே வந்ததா என்பது அந்த ஏடிஎம் பதிவைப் பார்த்தால்தான் தெரியும். அது இன்னும் எங்களுக்கு வரவில்லை. அதனால் பணம் திரும்ப வருமா என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

நோட்டு வெளியே வரவில்லை என்று தெரிந்தால், ரிசர்வ் வங்கி விதி இது: 11ஆம் தேதி புதன்கிழமைக்குள் வங்கி பணத்தைத் திருப்பி வரவு வைக்க வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும்.

உங்கள் கணக்கில் இன்னும் 18,400 ரூபாய் இருக்கிறது. நாளைக்கு அவசரத் தேவை இருந்தால் யுபிஐ வழியாகக் கட்ட முடியும்.'

'வேதனை', 'வருத்தம்' என்ற சொற்களே இதில் இல்லை. பதற்றத்தைப் பற்றி ஒரே ஒரு வரி. ஆனாலும் இது மற்ற இரண்டையும்விட இதமாக இருக்கிறது, ஏனென்றால் அவர் சொன்னதைக் கேட்ட அடையாளம் இதில் இருக்கிறது. இடம், நேரம், தொகை மூன்றையும் திருப்பிச் சொல்கிறது. தெரியாததை ஏன் தெரியவில்லை என்று காரணத்தோடு சொல்கிறது. கடைசியில், அவர் கேட்காமலேயே நாளைக் காலைக்கு ஒரு வழி காட்டுகிறது. இருபது வருட அனுபவமுள்ள கவுண்டர் ஊழியர் செய்வதும் இதைத்தான்.

இந்தப் பதிலிலும் ஒரு 'விடு' இருப்பதைச் சிலர் கவனித்திருப்பார்கள்: 'பதிவு செய்துவிட்டேன்.' அது இருக்கலாம். நடந்து முடிந்த காரியத்துக்கு 'விடு' போட்டால் நம்பிக்கை கூடும். நடக்கப் போகிற காரியத்துக்குப் போட்டால் வாக்குறுதியாகும். தமிழில் வங்கிக் குரலை வடிவமைப்பவர்கள் சுவரில் ஒரே ஒரு விதியை எழுதி ஒட்ட வேண்டும் என்றால் இதை ஒட்டலாம்: 'விட்டேன்' சரி, 'விடும்' கூடாது.

இன்னொரு நுணுக்கம் வாக்கிய அமைப்பில் இருக்கிறது. தமிழில் நிபந்தனை முன்னால் வரும், வினைமுற்று கடைசியில் வரும். 'பரிசீலனையில் நோட்டு வெளிவரவில்லை என்பது உறுதியானால் 11ஆம் தேதிக்குள் பணம் வரவு வைக்கப்படும்' என்று எழுதினால், பதற்றத்தில் இருப்பவர் கண் நேராக வால் பகுதிக்குப் போகும். '11ஆம் தேதிக்குள் பணம் வரும்' என்பதுதான் மனதில் தங்கும். 'ஆனால்' எல்லாம் தலைப்பகுதியிலேயே தொலைந்துபோகும். அதனால்தான் மூன்றாவது பதிலில் 'இப்போது சொல்ல முடியவில்லை' என்பது தனி வாக்கியமாக, விதிக்கு முன்னாலேயே நிற்கிறது.

சரி, இப்படிப் பேசுகிற அந்த 'நான்' யார்? வடிவமைப்பாளர்கள் இதை 'பெர்சோனா' என்கிறார்கள். சாட்பாட்டுக்கு என்று வகுத்துக்கொள்ளும் ஆளுமை. இதற்கு வங்கிகள் பெயர் சூட்டுவதில் காட்டிய ஆர்வம் கொஞ்சநஞ்சமல்ல. 2017இல் எச்டிஎஃப்சி வங்கி 'ஈவா'வையும் ஸ்டேட் வங்கி 'சியா'வையும் கொண்டுவந்தன. அமெரிக்காவில் பேங்க் ஆஃப் அமெரிக்கா தன் பெயரின் வாலிலிருந்தே 'எரிகா'வை எடுத்தது. கேப்பிட்டல் ஒன் வங்கி 'ஒன்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டு 'ஈனோ' என்று வைத்து, அதை ஆணுமல்லாத பெண்ணுமல்லாத பாத்திரமாக வடித்தது.

பெயர் சுவாரசியமான விஷயம்தான். ஆனால் வேலை செய்வது பெயரல்ல, பதவி. இந்தப் பாத்திரம் வங்கியில் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். மேலாளர் நாற்காலியில் உட்காரவைத்தால் அது பேசும் ஒவ்வொரு வரியும் தீர்ப்பு போல ஒலிக்கும். நண்பன் என்று வைத்தால் 'நான் பார்த்துக்கிறேன், விடு' என்று அது சொல்லியே ஆக வேண்டும். அதுதான் நண்பனின் இலக்கணம். வாசலுக்குப் பக்கத்தில், 'உதவி தேவையா?' என்று பலகை வைத்திருக்கும் மேசையில் உட்காரவைப்பதே பொருத்தம். அந்த மேசைக்காரருக்கு விதிகள் தெரியும். படிவம் எங்கே, யாரிடம் போக வேண்டும் என்பது தெரியும். புகாரைப் பதிவு செய்ய முடியும், கார்டை முடக்க முடியும். கடன் தரலாமா, புகார் நியாயமா என்று முடிவு செய்யும் அதிகாரம் அவரிடம் இல்லை. அது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவர் 'அதை நான் சொல்ல முடியாதுங்க' என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இதெல்லாம் வார்த்தை விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது. வங்கி பற்றியதல்ல, விமான நிறுவனம் பற்றியது. 2022 நவம்பரில் பாட்டி இறந்துபோன ஒருவர் ஏர் கனடாவின் இணையதளத்தில் சாட்பாட்டிடம் துக்கப் பயணச் சலுகை பற்றிக் கேட்டார். டிக்கெட் வாங்கி 90 நாட்களுக்குள் விண்ணப்பித்தால் சலுகை கிடைக்கும் என்று அது சொன்னது. நிறுவனத்தின் விதியோ பயணம் முடிந்தபின் சலுகை கிடையாது என்றது. அந்த விதி அதே இணையதளத்தின் வேறொரு பக்கத்தில் இருந்தது. பணம் மறுக்கப்பட்டதும் அவர் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் சிறு வழக்குத் தீர்ப்பாயத்துக்குப் போனார். சாட்பாட் சொன்னதற்குத் தான் பொறுப்பாக முடியாது என்று நிறுவனம் வாதிட்டது. அப்படியானால் சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனிச் சட்ட நபரா என்று வியந்த தீர்ப்பாயம், 2024 பிப்ரவரியில் அந்த வாதத்தைத் தள்ளியது. இணையதளத்தில் இருக்கும் எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி, 650 கனடிய டாலருக்குச் சற்று மேல் இழப்பீடும், வட்டியும் கட்டணமும் தரச் சொன்னது. தொகை சின்னது. ஆனால் உலகெங்கும் சாட்பாட் வைத்திருக்கும் நிறுவனங்களின் சட்டப் பிரிவுகள் அந்தத் தீர்ப்பைப் படித்தன.

ஏடிஎம் விவகாரத்தில் நேரம் கொஞ்சம் இருக்கிறது. மோசடியில் அதுவும் இல்லை. 'என் கணக்கில இருந்து யாரோ பணம் எடுக்கிறாங்க' என்று ஒருவர் எழுதும்போது ஆறுதல் வாக்கியமே தடங்கல். முதல் வரி செயலாக இருக்க வேண்டும்: 'கார்டை இப்போதே முடக்கட்டுமா? ஆம் என்று அழுத்துங்கள்.' முடக்கிய பிறகு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

இங்கே வாக்குறுதி இரண்டு பக்கமும் ஆபத்தானது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிப்படி, வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாமல் வெளியார் மோசடி நடந்து, வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. அவரே ஓடிபியைச் சொல்லியிருந்தால், புகார் தரும்வரை போன பணம் அவர் பொறுப்பு. அதற்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. எனவே 'உங்கள் பணம் பத்திரம்' என்று சொல்லக் கூடாது. 'ஓடிபி சொல்லிட்டீங்களா? அப்ப போச்சு' என்ற தொனியும் கூடாது. பழி சுமத்தும் கேள்வியைக் கேட்டால் பலர் உண்மையை மறைப்பார்கள், புகார் தாமதமாகும். 'இப்போது தெரிவித்தது நல்லது. இனி நடப்பதைத் தடுக்க இது உதவும்' என்பது உண்மையும்கூட, இதமும்கூட.

எழுதிவைத்த பதில்களை மட்டும் தரும் பழைய வகை சாட்பாட்டில் இதையெல்லாம் ஒருமுறை திருத்தினால் போதும். புதிய வகை மொழி மாடல்கள் அந்தந்த நேரத்தில் வாக்கியத்தைத் தாங்களே உருவாக்குபவை. அவற்றுக்கு ஒரு பலவீனம்: வற்புறுத்தினால் இளகிவிடும். முதல் முறை ஒழுங்காகச் சொல்லும். 'வருமா வராதா, ஒரே வார்த்தையில சொல்லு' என்று மூன்றாவது முறை கேட்டால் 'வரும்' என்று சொல்லக்கூடும். அதனால் தேதி, தொகை, விதி உள்ள வாக்கியங்களை மாடலிடம் விடாமல், முன்பே எழுதி ஒப்புதல் பெற்ற வாக்கியங்களில் கணினி எண்ணை மட்டும் நிரப்பும்படி வைப்பதே பாதுகாப்பு. கேள்வி எதைப் பற்றியது என்று புரிந்துகொள்வதற்கு மாடல் போதும்.

சோதனையும் அப்படியே நடக்க வேண்டும். ஒரே கேள்வியை அழுதுகொண்டு கேட்பவராக, திட்டுபவராக, 'உங்க மேனேஜர் சொல்லிட்டாரே' என்று பொய் சொல்பவராக மாறி மாறிக் கேட்டுப் பார்க்க வேண்டும். பிறகு பதிலை வங்கிக்குச் சம்பந்தமில்லாத ஐந்து பேரிடம் கொடுத்து ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்: 'இதைப் படித்தால் பணம் வரும் என்று தோன்றுகிறதா?' மூவர் ஆம் என்றால், வாக்கியத்தில் எத்தனை 'ஆனால்' இருந்தாலும் அது வாக்குறுதிதான்.

எல்லோரும் தவறவிடும் வாக்குறுதி கடைசி வரியில் இருக்கிறது: 'எங்கள் அதிகாரி விரைவில் உங்களைத் தொடர்புகொள்வார்.' வெள்ளி இரவு எட்டு மணிக்கு எந்த அதிகாரி? அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2023இல் வங்கிச் சாட்பாட்டுகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில், மனிதரிடம் போக வழியில்லாமல் ஒரே பதிலைச் சுற்றிச் சுற்றிப் பெறும் வாடிக்கையாளர்களின் அவதியைத் தனியாகக் குறிப்பிட்டது. 'இப்போது அதிகாரிகள் யாரும் இல்லை. சனிக்கிழமை காலை 10 மணிக்கு மேல் இந்த எண்ணில் பேசலாம்' என்பது கசப்பாக இருந்தாலும் வாடிக்கையாளரை இரவு முழுக்கக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்க வைக்காது.

வாசகர்கள் பக்கம் ஒரு வார்த்தை. புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். 30 நாட்களில் வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் செலவில்லாமல் முறையிடலாம். உங்கள் வங்கிச் சாட்பாட் 'கண்டிப்பாக வந்துவிடும்' என்று சொன்னால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவில் அந்தப் பயணியும் அதைத்தான் செய்திருந்தார்.